சாலைப் பள்ளத்தால் விபத்து: சாலைத் துறைக்கு முன்பே தெரியும் என்பதை நிறுவி இழப்பீடு கேட்பது எப்படி?

மழை ஓய்ந்த ஓர் இரவில், நீர் தேங்கி நின்ற பள்ளத்தில் என் இருசக்கர வண்டியின் முன்சக்கரம் இறங்கியதில் வலது மணிக்கட்டு முறிந்தது. சாலையைப் பராமரிக்கும் துறைக்கு நான் அனுப்பிய முதல் மனு, "அவ்விடத்தில் பழுது இருந்ததாக அலுவலகத்திற்குத் தகவல் இல்லை" என்ற ஒற்றை வரியில் தள்ளுபடியானது. பள்ளம் இருந்தது, நான் விழுந்தேன், கை முறிந்தது என்ற மூன்றையும் நான் நிரூபித்திருந்தேன்; அந்தப் பள்ளம் அவர்களுக்குத் தெரியும், அல்லது ஒழுங்காக ஆய்வு செய்திருந்தால் தெரிந்திருக்கும் என்பதை நிரூபிக்கவில்லை. பல நாட்டுச் சட்டங்களிலும் இவ்வகை வழக்கு நிற்பதும் விழுவதும் அந்தப் புள்ளியில்தான். இங்கிலாந்தில் 1980ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம் பிரிவு 41இல் பராமரிப்புக் கடமையை விதித்துவிட்டு, நியாயமான ஆய்வும் பராமரிப்பும் செய்தோம் என்று நிறுவினால் தப்பிக்கலாம் என்ற வழியையும் பிரிவு 58இல் தருகிறது. நியூயார்க் நகரில் பொதுவாக அந்தப் பழுது பற்றி எழுத்தில் முன்பே அறிவிப்பு சென்று, 15 நாட்களுக்குள் சரிசெய்யப்படாமல் இருந்திருக்க வேண்டும்.

படி 1: பள்ளத்தை அளந்து படமெடுங்கள்

விபத்து பற்றிய செய்தி போனதுமே பள்ளம் நிரப்பப்பட்டுவிடக்கூடும் என்பதால், சிகிச்சைக்குப் போகும்போதே ஒருவரை அவ்விடத்திற்கு அனுப்புங்கள். போக்குவரத்து ஓடும் சாலையில் தனியாக அனுப்ப வேண்டாம். அருகில் நின்று எடுத்த படம் மட்டும் போதாது. சாலையின் பெயர்ப்பலகையோ மின்கம்ப எண்ணோ தெரியும் தொலைவிலிருந்து ஒன்றும், வண்டி வந்த திசையில் ஓட்டுநரின் கண் உயரத்திலிருந்து ஒன்றும், மேலிருந்து நேர்கீழாக ஒன்றும் வேண்டும்.

ஆழத்தை அளக்கும்போது பலர் அளவுகோலைப் பள்ளத்தில் சாய்வாக வைத்துப் படமெடுக்கிறார்கள். அந்தப் படத்திலிருந்து எதையும் படிக்க முடியாது. நேரான ஒரு கட்டையைப் பள்ளத்தின் இரு விளிம்புகளிலும் படும்படி குறுக்கே வைத்து, அதன் அடிப்பக்கத்திலிருந்து ஆழமான இடம்வரை அளவுநாடாவைச் செங்குத்தாக இறக்குங்கள். நீர் நின்றால் அது நிறைந்த நிலையில் முதலில் எடுத்துவிட்டு, வடிந்தபின் அளக்கலாம். என் பள்ளம் 110 செ.மீ. நீளமும் 9 செ.மீ. ஆழமும் இருந்தது. செய்திச் செயலி வழியாக அனுப்பினால் படத்தில் பதிந்திருக்கும் நேரமும் இடமும் பெரும்பாலும் அழிந்துவிடும் என்பதால், மூலக் கோப்பைக் கைப்பேசியிலேயே விட்டு ஒரு நகலை வேறிடத்தில் வையுங்கள். இதற்கெனத் தனிச் செயலிகளை விற்கிறார்கள். சாதாரணக் கேமராவும் தச்சரின் அளவுநாடாவும் போதும் என்பது என் முடிவு.

படி 2: சாலை யாருடையது?

ஒரே தெருவின் நடுப்பகுதி ஒரு துறைக்கும் ஓரம் உள்ளாட்சிக்கும் உரியதாக இருக்கலாம். பள்ளத்தைச் சுற்றி நேர்கோட்டில் வெட்டி மூடிய தடம் தெரிந்தால், குடிநீர்க் குழாய்க்கோ கேபிளுக்கோ தோண்டியவர்கள் சரியாக மூடவில்லை என்று பொருள் கொள்ளலாம். அப்போது அவர்களையும் சேர்த்தே அறிவிப்பு அனுப்புங்கள். தவறான அலுவலகத்திற்குப் போன மனு திரும்பி வருவதற்குள் கெடு முடிந்துவிடக்கூடும்.

படி 3: பதிவேடுகளைக் கேளுங்கள்

நான் சறுக்கியது இங்கேதான். "இந்தச் சாலை பற்றிப் புகார் ஏதும் வந்ததா?" என்று தகவல் பெறும் உரிமையின்கீழ் கேட்டேன், "இல்லை" என்று பதில் வந்தது. பிறகுதான் புரிந்தது: கேள்விக்கு விடை சொல்வது அவர்கள் கையில், ஆவணத்தின் நகலைக் கேட்டால் அதைத் தேடி எடுத்தாக வேண்டும். இரண்டாம் முறை, இன்ன கம்ப எண்ணிலிருந்து இன்ன சந்திப்புவரை, விபத்துக்கு முந்தைய 12 மாதங்களுக்கான நகல்களை மட்டும் கேட்டேன்:

தொலைபேசி, செயலி, நேரில் கொடுத்தவை உள்ளிட்ட புகார்ப் பதிவுகள். சாலை ஆய்வுப் பதிவேடு. பழுதுபார்ப்புப் பணி ஆணைகள். அந்தச் சாலையின் பராமரிப்பு ஒப்பந்தம்.

வந்த நகல்களில், விபத்துக்கு 41 நாட்களுக்கு முன் ஒரு கடைக்காரர் செயலியில் பதிந்த புகார் இருந்தது. அதே வாரத்து ஆய்வுப் பதிவேட்டில் "குறை ஏதுமில்லை" என்று எழுதியிருந்தார்கள். இவ்விரண்டு தாள்களும் அடுத்தடுத்து இருந்ததுதான் வழக்கையே திருப்பியது: ஆய்வு நடந்தது என்பது அவர்களின் தற்காப்பு, அந்த ஆய்வு பெயரளவில்தான் நடந்தது என்பதற்கு அவர்களின் பதிவேடே சாட்சி.

முன்புகார் கிடைக்காவிட்டால் பள்ளத்தின் வயதைக் காட்டுங்கள். விளிம்பு மழுங்கி உருண்டிருப்பது, பழைய ஒட்டுப்போட்ட தார் உள்ளே தெரிவது ஆகியவை நாள்பட்டதற்கான அடையாளங்கள். கூர்மையான விளிம்பும் அருகிலேயே சிதறிக் கிடக்கும் தார்க்கட்டிகளும் புதிய பள்ளத்தின் அடையாளங்கள். Google Street View-இல் அதே இடத்தின் பழைய படங்கள் நாளோடு கிடைத்தால் அதையும் சேருங்கள். நேற்று இரவு மழையில் பெயர்ந்த பள்ளம் என்றால் வழக்கு மிகவும் பலவீனமானது. அதில் பணத்தைச் செலவிட நான் சொல்லமாட்டேன்.

படி 4: அறிவிப்பும் கணக்கும்

அரசு அமைப்பின் மீது வழக்குத் தொடர முன்னறிவிப்பு தேவைப்படும் இடங்களில் கெடு மிகக் குறுகியது. நியூயார்க்கில் அது 90 நாட்கள். பதிவேடுகள் வரட்டும் என்று காத்திருக்காமல், நாள், நேரம், இடம், காயம், பள்ளத்தின் அளவு ஆகியவற்றோடு ஒப்புகை பெறும் அஞ்சலில் அறிவிப்பை முதலில் அனுப்பிவிட்டு, ஆதாரங்களைப் பின்னர் சேருங்கள். உங்கள் ஊர்க் கெடுவை ஒரு வழக்கறிஞரிடம் முதல் வாரத்திலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

தொகையைத் திரட்டும்போது, உங்கள் பங்குக் கவனக்குறைவும் கழிக்கப்படும் என்பதை எண்ணிக் கணக்கிடுங்கள். என் பண இழப்பு 100 பங்கு என்றால், சிகிச்சை 46, இழந்த ஊதியம் 31, வண்டி 15, மருத்துவமனைப் பயணம் 8. இருட்டில் வேகமாக வந்தேன் என்று 40 விழுக்காடு கழிக்கப் பார்த்தார்கள்; ஓட்டுநரின் கண் உயரத்தில் எடுத்த படத்தில் பள்ளம் வெறும் ஈரத் தரையாகவே தெரிந்ததால் 20இல் நின்றது; கைக்கு வந்தது 80. வலிக்கான தொகை இதற்கு வெளியே தனியாகப் பேசப்பட்டது. ஊதிய இழப்புக்கு முதலாளியின் கடிதத்தோடு விடுப்புப் பதிவும் வேண்டும். கடிதம் மட்டும் கொடுத்தபோது ஏற்கவில்லை.

பிற்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், விபத்தான அடுத்த வாரமே ஒப்பந்ததாரர் வீடு தேடி வந்து மருத்துவச் செலவைக் கொடுத்து ஒரு தாளில் கையெழுத்து வாங்கிச் சென்றதாக எழுதியிருந்தார். அந்தத் தாளில் "முழு மற்றும் இறுதித் தீர்வு" என்ற சொற்கள் இருந்தனவாம். எலும்பு கூடி, கை எவ்வளவு மடங்குகிறது என்று மருத்துவர் எழுதித் தரும்வரை அந்தச் சொற்கள் உள்ள எதிலும் கையெழுத்திடாதீர்கள். செலவுக்காக வாங்கும் பணத்துக்கு "சிகிச்சைக்கான முன்பணம், மீதி உரிமைகளுக்குக் குந்தகமின்றி" என்று நீங்களே எழுதி ரசீது கொடுங்கள்.