‘எ’ விழுந்தால் அர்த்தம் கவிழும்: ஃபியூ, லிட்டில் தவறுகள்

எண்ண முடிந்தவற்றுக்கு ஃபியூ, எண்ண முடியாதவற்றுக்கு லிட்டில். இதைப் பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். ‘லிட்டில் ஃப்ரெண்ட்ஸ்’ என்று யாராவது எழுதினால் பக்கத்தில் இருப்பவரே திருத்திவிடுவார். அதை விட்டுவிடலாம். யார் கண்ணிலும் படாமல் தப்பிப்போகும் தவறு ஒன்று இருக்கிறது.

முன்னால் இருக்கும் ‘எ’யை விழுங்குவது

தமிழில் ஆர்ட்டிகிள் கிடையாது. அதனால் ‘ஐ பாட் புக்’ என்று நாக்கு தானாகச் சொல்லிவிடும். கேட்பவரும் விட்டுப்போன ‘எ’யை மனசுக்குள் போட்டுப் புரிந்துகொள்வார். அந்தச் சலுகை ஃபியூவுக்கும் லிட்டிலுக்கும் இல்லை. இங்கே ‘எ’ போனால் வாக்கியம் உடையாது. இலக்கணத்தில் குறையே இல்லாத இன்னொரு வாக்கியமாக மாறி, எதிர்க்கட்சிக்குப் பேசப் போய்விடும். சரிபார்க்கும் மென்பொருள்கூடப் பெரும்பாலும் கோடு போடாது.

‘எ ஃபியூ’ என்றால் சில இருக்கின்றன. ‘ஃபியூ’ என்றால் இல்லாத குறைதான். எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம். மூன்று நண்பர்கள் இருப்பவர் ‘ஐ ஹேவ் எ ஃபியூ ஃப்ரெண்ட்ஸ்’ என்றால் ஆள் இருக்கிறது என்கிறார். ‘ஐ ஹேவ் ஃபியூ ஃப்ரெண்ட்ஸ்’ என்றால் தனிமையைச் சொல்கிறார்.

திருப்பூரில் ஒரு செக்கர் 200 பனியன்களைப் பார்த்து, 9-இல் தையல் பிரிந்திருப்பதைக் கண்டுபிடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தைத்துக் கொடுத்த யூனிட்டுக்கு மெயில் போடுகிறார்: ‘வீ ஃபவுண்ட் ஃபியூ டிஃபெக்ட்ஸ் இன் திஸ் லாட்.’ அவர் சொல்ல நினைத்தது, ‘சில குறைகள் இருக்கு, பாருங்க’. ஆங்கிலம் தெரிந்தவர் படிப்பதோ, ‘குறைன்னு சொல்ல அதிகமா ஒண்ணும் இல்லை’. புகார் கடிதம் நற்சான்றிதழாகிவிட்டது. பிறகு மாற்றுச் சரக்கு கேட்டால், ‘நீங்கதானே நல்லா இருக்குன்னு எழுதினீங்க’ என்று அதே மெயிலைத் திருப்பிக் காட்டுவார்கள். ‘எ ஃபியூ டிஃபெக்ட்ஸ்’ என்றிருந்தால் போதும். ‘நைன் டிஃபெக்ட்ஸ் இன் டூ ஹண்ட்ரட் பீசஸ்’ என்று எழுதிவிட்டால் வம்பே இல்லை.

பயோடேட்டாவில் ‘ஐ ஹேவ் லிட்டில் நாலெட்ஜ் ஆஃப் டேலி’ என்று அடக்கமாக எழுதுபவர் தனக்கு டேலி தெரியாது என்று எழுதிக் கொடுக்கிறார். நோயாளியைப் பற்றிச் சொல்லும்போது இன்னும் ஆபத்து: ‘ஹீ இஸ் எ லிட்டில் பெட்டர்’ என்றால் கொஞ்சம் தேவலை; ‘ஹீ இஸ் லிட்டில் பெட்டர்’ என்றால் பெரிதாக ஒன்றும் தேறவில்லை.

இது விழுவதற்குக் காதும் ஒரு காரணம். எழுத்தில் ‘எ’ என்றாலும் பேச்சில் அது அரைகுறை ‘அ’வாகச் சுருங்கி அடுத்த சொல்லோடு ஒட்டிவிடும். கேட்டே கற்றவர்களுக்கு அது காதில் விழுந்திருக்காது.

கொஞ்சம் = லிட்டில் என்று மனப்பாடம் செய்வது

நம் ‘கொஞ்சம்’ இரண்டு பக்கமும் போகும். பக்கத்தைக் காட்டுவது பெரும்பாலும் ‘தான்’. ‘கொஞ்சம் பால் இருக்கு’ என்றால் காபி போடலாம்: தேர் இஸ் எ லிட்டில் மில்க். ‘கொஞ்சம் பால்தான் இருக்கு’ என்றால் கடைக்கு ஆள் போக வேண்டும்: தேர் இஸ் லிட்டில் மில்க். எழுதும் முன் தமிழில் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். ‘தான்’ வந்து ஒட்டினால் ‘எ’ வேண்டாம்.

ஒரு விலக்கு: ‘ஒன்லி’ போட்டால் ‘எ’ திரும்பி வந்துவிடும். ‘ஒன்லி எ ஃபியூ பீப்பிள் கேம்’ என்பதில் ‘தான்’ செய்யும் வேலையை ஒன்லியே செய்துவிடுகிறது. ‘ஒன்லி ஃபியூ’ என்று எழுதாதீர்கள்.

குயைட் எ ஃபியூ

கொஞ்சம் இல்லை, நிறைய.

கேள்வி வால்

‘ஃபியூ’ உள்ளுக்குள் எதிர்மறை என்பது இங்கே வெளியே தெரியும். ‘எ ஃபியூ பீப்பிள் கேம், டிடின்ட் தே?’ ஆனால் ‘ஃபியூ பீப்பிள் கேம், டிட் தே?’ ‘நோபடி கேம், டிட் தே?’ என்பதற்கு வரும் அதே வால்.

தி ஃபியூ

இருந்த அந்தச் சிலரும், ஒருவர் விடாமல்.

பேச்சில் வெறும் ஃபியூவைப் போடுவது

தவறில்லை, ஆனால் மேடைப் பேச்சு மாதிரி விறைப்பாக இருக்கும். சாதாரணமாகப் பேசுகிறவர்கள் ‘நாட் மெனி பீப்பிள் கேம்’, ‘தேர் இஸ்ன்ட் மச் மில்க்’ என்றுதான் சொல்வார்கள். ‘எ’ விஷயத்தில் இன்னும் தடுமாறுகிறவர்கள் ‘குறைவு’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் நாட் மெனி, நாட் மச் இரண்டையும் பிடித்துக்கொள்ளலாம். அவற்றில் தொலைப்பதற்கு ‘எ’ இல்லை.