சேவையை எப்படிக் கெடுக்கலாம்? தலைகீழ் யோசனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக ஸ்டார்ட்அப் தொடங்க நினைக்கும் குழுக்களோடு உட்கார்ந்து ரிவர்ஸ் பிரெயின்ஸ்டார்மிங் நடத்துவது என் வேலைகளில் ஒன்று. "இந்தச் சேவையை எப்படி நன்றாக்கலாம்?" என்று கேட்காமல், "இதை எப்படி இன்னும் மோசமாக்கலாம்?" என்று கேட்பார்கள். வரும் பதில்களுக்குள் தொழில் யோசனையைத் தேடுவார்கள். முறை எளிதுதான். ஆனால் ஆரம்பத்தில் நான் செய்த அதே தவறுகளை ஒவ்வொரு புதுக் குழுவும் செய்கிறது. ஒருவரே பேசிக்கொண்டிருப்பது, குறிப்பு எடுக்காமல் கலைவது போன்றவை எல்லாருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

கேள்வியை அகலமாக வைப்பது

"பழுதுபார்க்கும் சேவையை எப்படிக் கெடுக்கலாம்?" என்று கேட்டால் "லேட்டாகப் போகலாம்", "மரியாதை இல்லாமல் பேசலாம்" என்று எந்தத் தொழிலுக்கும் பொருந்துகிற பதில்கள்தான் வரும். கேள்விக்குள் ஒரு ஆளும் ஒரு தருணமும் இருக்க வேண்டும். "வாஷிங் மெஷின் நின்றுபோய், கம்ப்ளெயின்ட் கொடுத்துவிட்டு ஒருவர் வீட்டில் காத்திருக்கிறார். அவருடைய மெஷின் சீக்கிரம் ஓடாதபடி எப்படிப் பார்த்துக்கொள்ளலாம்?" இப்படிக் கேட்டுப் பாருங்கள், பதில்களின் தரமே மாறிவிடும்.

நாடகத்தனமான கெடுதல்களை எழுதுவது

"மெஷினைத் தூக்கிப் போட்டு உடைக்கலாம்" என்று ஒருவர் சொன்னால் அறையே சிரிக்கும். ஆனால் அப்படி யாரும் செய்வதில்லை என்பதால் அதிலிருந்து கற்க ஒன்றுமில்லை. நமக்கு வேண்டியது, செய்தவரை யாரும் வேலையை விட்டு அனுப்ப முடியாத கெடுதல்.

1944-இல் அமெரிக்காவின் அப்போதைய உளவு அமைப்பான ஓ.எஸ்.எஸ்., எதிரியின் பிடியில் இருந்த நாடுகளில் வேலைகளைக் குலைக்க விரும்புகிற சாதாரண மக்களுக்காக ஒரு கையேடு தயாரித்தது. அலுவலகங்களை முடக்க அது சொன்ன வழிகளில் சில: எல்லாவற்றையும் முறைப்படிதான் செய்ய வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பது, எந்த விஷயத்தையும் குழுவுக்கு அனுப்புவது, அந்தக் குழுவில் ஐந்து பேருக்குக் குறையாமல் பார்த்துக்கொள்வது. நாசவேலையாக எழுதப்பட்டவை இன்று ஒழுங்கான நடைமுறை போலவே தெரிகின்றன. கெடுக்கும் யோசனைகளும் இந்த ரகத்தில் இருக்க வேண்டும்.

எழுதும்போதே தீர்ப்புச் சொல்வது

எழுதுகிற நேரம் வேறு, சலித்தெடுக்கிற நேரம் வேறு.

ஒவ்வொன்றையும் அப்படியே திருப்பிப் போடுவது

என்னை இன்றும் எரிச்சலூட்டுகிற தவறு இதுதான். நிறையக் குழுக்கள் பல மாத உழைப்பை இதில்தான் தொலைக்கின்றன.

வாஷிங் மெஷின் பழுதுபார்ப்பை எடுத்துக்கொண்ட ஒரு குழுவை நினைத்துக்கொள்கிறேன். கெடுக்கும் பட்டியலை அருமையாக எழுதினார்கள். "எப்போது வருவோம் என்று சொல்லக் கூடாது." "என்ன கோளாறு என்று கேட்காமலே ஆளை அனுப்ப வேண்டும்." "வந்தவர் மெஷினைத் திறந்து பார்த்துவிட்டு, பார்ட் இல்லை, இன்னொரு நாள் வருகிறேன் என்று போய்விட வேண்டும்." அடுத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் நேர் எதிர்ப்பதத்தை எழுதினார்கள்: நேரம் சொல்வோம், கோளாறைக் கேட்போம், பார்ட்டோடு வருவோம். பட்டியல் முடிந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டார்கள். இதில் முதல் வரிதான் ஆப் செய்ய வசதியானது என்பதால், டெக்னீஷியன் எங்கே வந்துகொண்டிருக்கிறார் என்று வரைபடத்தில் காட்டும் ஆப்பைக் கட்டினார்கள். டெக்னீஷியன்கள் சொன்ன நேரத்துக்கு வந்தார்கள், திறந்து பார்த்தார்கள், பார்ட் இல்லை என்று போனார்கள்.

நேர் எதிர்ப்பதம் ஒரு ஆசை மட்டுமே. "பார்ட்டோடு வருவோம்" என்று சொல்ல எல்லாருக்கும் ஆசைதான். ஏன் பார்ட்டோடு வருவதில்லை என்பது அந்த வரியில் இல்லை.

பட்டியலைத் திருப்புவதற்கு முன்னால், ஒவ்வொரு வரியிடமும் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். இது ஏற்கெனவே நடக்கிறதா? யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லாமலே இது நடக்கக் காரணம் என்ன? முதல் கேள்விக்கு இல்லை என்றால் அந்த வரியை அடித்துவிடலாம். ஆம் என்றால் இரண்டாவது கேள்வியில் நிதானமாக உட்காருங்கள், யோசனை அங்கேதான் இருக்கிறது.

அந்தக் குழுவின் மூன்றாவது வரியை இப்படிப் பிரித்துப் பார்ப்போம். பார்ட் ஏன் கையில் இல்லை? வண்டியில் எல்லா மாடலுக்கும் பார்ட் வைக்க இடம் இல்லை. அன்றைக்குத் தேவையானதை மட்டும் எடுத்து வரலாமே? எது தேவை என்று தெரியாது. ஏன்? அவருடைய வேலைச் சீட்டில் "மெஷின் ஓடவில்லை" என்று மட்டும்தான் இருக்கிறது. கால் சென்டரில் இருப்பவர் மாடல் எண்ணைக் கேட்கவில்லையா? கேட்பார், வாடிக்கையாளருக்குத் தெரியாது, அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவார். அழைப்பைச் சீக்கிரம் முடிப்பதுதான் அவருடைய வேலைக்கு அளவுகோல்.

இப்போது திருப்புங்கள். மாடல் எண் பெரும்பாலும் கதவின் விளிம்பிலோ பின்பக்கத்திலோ ஒட்டிய லேபிளில் இருக்கிறது. பல மெஷின்கள் திரையில் ஒரு எர்ரர் கோடும் காட்டுகின்றன. இந்த இரண்டின் போட்டோ, சத்தம் வந்தால் ஒரு சின்ன வீடியோ, இவை முந்தைய நாளே கிடைத்தால் அனுபவமுள்ள டெக்னீஷியன் ஒருவர் பார்த்து, வடிகால் பம்ப்பா, கதவுப் பூட்டா என்று ஊகித்து எடுத்துவைக்கச் சொல்லிவிடலாம். வீட்டு வாசலில் நடந்த கெடுதலுக்கான மருந்து, முந்தைய நாள் தொலைபேசி அழைப்பில் இருக்கிறது.

இதைச் சோதிக்க ஆப் தேவையில்லை. சம்மதிக்கிற ஒரு சர்வீஸ் சென்டரில், மறுநாள் பட்டியலில் உள்ளவர்களை மாலையில் நீங்களே அழைத்துப் போட்டோ கேளுங்கள். முதல் வருகையிலேயே பழுது தீர்ந்த வேலைகள் எத்தனை சதவீதம் என்று, அழைப்பதற்கு முந்தைய சில வாரங்களையும் பிந்தைய சில வாரங்களையும் ஒப்பிடுங்கள். இந்தத் துறையில் இந்த விகிதத்தை வழக்கமாகவே அளப்பார்கள், அதனால் பழைய கணக்கு சென்டரிலேயே இருக்கவும் கூடும். விகிதம் அசையவில்லை என்றால் நீங்கள் பிடித்த காரணம் தவறு. போட்டோவே வருவதில்லையா, வந்தும் ஊகம் தப்புகிறதா, ஊகித்த பார்ட் ஸ்டாக்கில் இல்லையா என்று பிரித்துப் பாருங்கள். விட்டுவிட்டு வருகிற கோளாறுகளில் போட்டோ உதவாது, அவற்றைத் தனியாக எண்ணுங்கள்.

வேலை செய்கிறவரைக் கூப்பிடாமல் நடத்துவது

ஒரு டெக்னீஷியனாவது அறையில் இருக்கட்டும்.

கெடுதலால் யாருக்கு லாபம் என்று பார்க்காமல் விடுவது

இரண்டாவது வருகை எல்லாருக்கும் நஷ்டம் என்று நினைத்துவிடாதீர்கள். வருகைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற டெக்னீஷியனுக்கு அது வருமானம். வாரண்டி முடிந்த மெஷினில், இரண்டு முறையும் விசிட் கட்டணம் வாங்குகிற சென்டருக்கும் அது வருமானம். அவர்களிடம் உங்கள் தீர்வை விற்கப் போனால் நன்றாகக் கேட்டுக்கொள்வார்கள், வாங்க மாட்டார்கள். வாரண்டிக்குள் இருக்கிற மெஷினில் கதை வேறு: அங்கே ஒவ்வொரு வீண் வருகைக்கும் மெஷின் தயாரிப்பாளரோ வாரண்டி கொடுத்த நிறுவனமோ பணம் கட்டுகிறது. முதல் வாடிக்கையாளரை அந்தப் பக்கம் தேடுங்கள். கெடுதலின் செலவு யார் தலையில் விழுகிறது என்று பட்டியலின் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் எழுதிவைத்தால், நல்ல யோசனையாகத் தெரிந்தும் வாங்க ஆள் இல்லாத வரிகளை அன்றைக்கே ஒதுக்கிவிடலாம்.