பாதியில் வெட்டுப்பட்டாலும் கோரிக்கை போய்ச் சேர: நீண்ட மெயில் எழுதும் முறை

ஒரு மெயிலை முழுசாகத் திறப்பதற்கு முன்பே, அதன் முதல் வரியை மட்டும் போன் திரையில் பார்த்துவிட்டு "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிவைப்பது எல்லோரும் செய்வதுதான். அந்த ஒற்றை வரியில் நம் கோரிக்கை இருந்ததா என்பதே கேள்வி. தமிழில் எழுதும்போது இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. ஓர் உதாரணத்தை வைத்தே பார்ப்போம்.

அலுவலகக் கணினிகளைப் பராமரிப்பவரிடம், அழிந்துபோன கோப்புகளை பேக்கப்பிலிருந்து எடுத்துத் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். முதலில் மனதில் வருகிறபடி எழுதினால் இப்படித்தான் வரும்:

"சென்ற வாரம் புதிய கணினிக்கு மாறியபோது தவறுதலாக அழிந்துபோன மார்ச் கணக்குக் கோப்புகளை, வெள்ளிக்கிழமை தணிக்கை இருப்பதால், வியாழனுக்குள் மீட்டுத் தர வேண்டும்."

இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் நம் மொழியில் வினை கடைசியில்தான் வரும். "போது", "ஆல்" என்று முடிகிற காரணங்கள் எல்லாம் அதற்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். முதல் வாக்கியமாகவே வைத்தாலும் கோரிக்கை அதன் வாலில்தான் கிடக்கிறது.

படி 1: காரணத்தைக் கழற்றுங்கள். என்ன வேண்டும், எப்போதைக்குள் வேண்டும், இரண்டு மட்டும் மிஞ்சட்டும்:

"மார்ச் கணக்குக் கோப்புறையை வியாழனுக்குள் மீட்டுத் தர வேண்டும்."

காரணம் அடுத்த வாக்கியமாகத் தனியே வரட்டும்.

படி 2: அளந்து பாருங்கள். முன்னோட்டத்தில் எவ்வளவு தெரியும் என்பது போனுக்குப் போன் மாறும். நான் அளவுகோலாக வைத்திருப்பது எஸ்எம்எஸ். ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து, தமிழில் 70தான். அந்த 70உம் நாம் எண்ணுகிற எழுத்துகள் அல்ல. கணினிக் கணக்கில் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனி. "விடுப்பு" நம் கண்ணுக்கு 4 எழுத்து, கணினிக்கு 8.

மேலே உள்ள சிறிய வாக்கியம், இடைவெளிகளையும் முற்றுப்புள்ளியையும் சேர்த்து 62. தப்பியது. முதலில் எழுதிய நீண்ட வாக்கியத்தை 70இல் வெட்டினால் "மார்ச் கணக்க" என்ற இடத்தில் நிற்கிறது. கணக்குக்கு என்ன ஆயிற்று, யார் என்ன செய்ய வேண்டும்? ஒன்றும் தெரியாது.

"வணக்கம்" வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும்தான். முற்றுப்புள்ளியும் இடைவெளியும் சேர்த்து அதற்கு 9, மொத்தம் 71. கடைசி முற்றுப்புள்ளி ஒன்றுதான் போகும், பரவாயில்லை. "நலமா? வீட்டில் எல்லோரும் சௌக்கியமா?" என்பதைக் கடைசிக்குக் கொண்டுபோங்கள். அங்கே இருந்தாலும் அது அன்பான விசாரிப்புதான்.

படி 3: கோரிக்கையை மாற்றக்கூடிய நிபந்தனையை இரண்டாவது வைக்கவும். பலரும் தவறுவது இங்கேதான். நம் உதாரணத்தில், கோப்புகள் அழிந்த பிறகும் அதே கோப்புறையில் ஒரு வாரமாகப் புதிய பதிவுகள் ஏறியிருக்கின்றன. "பழையதை இப்போதுள்ளதன் மேல் எழுதிவிடாதீர்கள், தனி இடத்தில் வையுங்கள்" என்பதைக் கடைசிப் பத்தியில் எழுதினோம் என்று வைத்துக்கொள்வோம். முதல் வரியைப் படித்த உடனே அவர் வேலையை முடித்துவிடுவார். ஒரு வாரப் பதிவுகள் காலி. வெட்டுப்பட்ட கோரிக்கை புரியாமல் போனால் திரும்பக் கேட்பார்கள். தவறாகப் புரிந்தால் கேட்கவே மாட்டார்கள். அதனால் இதுதான் பெரிய ஆபத்து.

படி 4: மீதியை அடுக்குங்கள். அச்சுப் பத்திரிகையில் இடம் போதாவிட்டால் செய்தியைக் கடைசிப் பத்தியிலிருந்து வெட்டுவார்கள். அதற்குத் தோதாகவே செய்தி எழுதப்படும். அதே வரிசைதான் இங்கும்:

"வணக்கம். மார்ச் கணக்குக் கோப்புறையை வியாழனுக்குள் மீட்டுத் தர வேண்டும். இப்போதுள்ளதன் மேல் எழுதாமல் தனி இடத்தில் வையுங்கள். அதில் புதிய பதிவுகள் உள்ளன. வெள்ளியன்று தணிக்கை. சென்ற வாரம் புதிய கணினிக்கு மாறியபோது சில கோப்புகள் தவறுதலாக அழிந்துவிட்டன."

இப்போது கடைசி வாக்கியத்தை விரலால் மறைத்துப் படியுங்கள். பிறகு அதற்கு முந்தையதையும். ஒவ்வொரு முறையும் மிஞ்சியதை மட்டும் வைத்து அவர் சரியாக வேலை செய்ய முடியுமா என்று பாருங்கள். எங்கே தடுக்குகிறதோ, மறைத்த அந்த வாக்கியம் இன்னும் மேலே போக வேண்டும்.

இரண்டு விஷயம் கேட்க வேண்டியிருந்தால், இரண்டு மெயிலாக அனுப்புவதே என் வழக்கம். முடியாவிட்டால் "இரண்டு உதவி வேண்டும்" என்று எண்ணிக்கையோடு தொடங்குங்கள். ஒன்றுதான் கண்ணில் பட்டாலும், இன்னொன்று இருக்கிறது என்று அவர் கீழே தேடுவார்.