ஒரே மீன், இரண்டு பொம்மை: துணியிலும் மரத்திலும்

அக்கா மகனுக்குப் பத்து மாதம் ஆனபோது ஒரு துணி மீன் தைத்துக் கொடுத்தேன். கண்ணுக்கு இரண்டு கருப்புச் சட்டைப் பொத்தான் வைத்திருந்தேன். மூன்றாவது வாரம் போய்ப் பார்த்தால் ஒரு கண் ஒற்றை நூலில் தொங்கிக்கொண்டிருந்தது, அதைச் சுற்றித் துணி எச்சிலில் நனைந்திருந்தது. அன்றே அதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது நான் செய்கிற மீனில் பொத்தான், மணி, ரிப்பன் எதுவும் கிடையாது. அந்த மீனைத்தான் துணியில் ஒன்று, மரத்தில் ஒன்று என்று இங்கே சொல்லித் தருகிறேன். இரண்டுக்கும் ஒரே அச்சுதான்.

ஒரு கெட்டி அட்டையில் 15 செ.மீ. நீளம், 9 செ.மீ. உயரத்துக்கு ஒரு குண்டு மீன் வரையுங்கள். உடலும் வாலும் சேருமிடம் 3 செ.மீ.க்குக் குறையக் கூடாது. துணியில் அதைவிட ஒடுங்கினால் திருப்ப முடியாது, மரத்தில் ஒடுங்கினால் கீழே விழும்போது முறியும். செதில், துடுப்பு என்று கூராக எதுவும் வேண்டாம்.

துணி மீன்

நெருக்கமாக நெய்த பருத்தித் துணி எடுங்கள், பாப்ளின் போதும். வெட்டுவதற்கு முன் ஒருமுறை சோப்புப் போட்டு அலசிக் காயவைக்க வேண்டும். கஞ்சி போகும், சுருங்குகிற துணி இப்போதே சுருங்கிவிடும். அப்புறம் ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையில் சாயம் ஒட்டினால் அந்தத் துணியை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அச்சை உட்புறத்தில் வைத்துப் பென்சிலால் வரைந்து, கோட்டுக்கு வெளியே 1 செ.மீ. விட்டு வெட்டுங்கள். இப்படி எதிரெதிராகப் பார்க்கிற இரண்டு துண்டு வேண்டும். கண்ணை இப்போதே, துண்டுகள் தனித்தனியாக இருக்கும்போதே, எம்பிராய்டரி நூலில் மூன்று இழை எடுத்து நிரப்பித் தைத்துவிடுங்கள். முடிச்சு உள்பக்கம் போகட்டும். வாலில் இரண்டு கோடு வேண்டுமானால் அதையும் இப்போதே போடலாம்.

நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து, பென்சில் கோட்டின் மேலேயே தையுங்கள். நூல் பாலியஸ்டராக இருக்கட்டும், ஊசியில் இரட்டையாகக் கோத்துக்கொள்ளுங்கள். கெட்டித்தையல்தான் போட வேண்டும்: ஊசியை மேலே எடுத்து, ஒரு தையல் பின்னால் குத்தி, இரண்டு தையல் தள்ளி முன்னால் எடுப்பது. ஓட்டுத் தையலில் ஓரிடத்தில் நூல் அறுந்தால் வரிசையே உருவிக்கொண்டு வரும், இதில் அந்தத் தையலோடு நிற்கும். ஒவ்வொரு தையலும் 2 முதல் 3 மி.மீ. வயிற்றுப் பக்கம் 5 செ.மீ. தைக்காமல் விட்டு, அந்தத் திறப்பின் இரு முனையிலும் மூன்று முறை குத்தி முடிச்சுப் போடுங்கள். திருப்பும்போது இழுபடுவது அந்த முனைகள்தான்.

அடுத்த வேலையைப் பலர் விட்டுவிடுவார்கள். வால் சேருமிடத்து உள்வளைவில், தையலுக்கு 2 மி.மீ. முன்னால் வரை கத்தரியால் மூன்று நான்கு வெட்டு கொடுங்கள். வெளிவளைவுகளில் சின்னச் சின்ன முக்கோணமாக வெட்டி எடுங்கள். இதைச் செய்யாவிட்டால் திருப்பியதும் வால் பக்கம் சுருக்கு விழும்.

திருப்பிய பிறகு ஃபைபர் பஞ்சைச் சிறிது சிறிதாகப் பிய்த்து, முதலில் வாலிலும் அப்புறம் உடலிலும் திணியுங்கள். இலவம் பஞ்சு எனக்குப் பிடித்ததுதான், ஆனால் துவைத்தால் கட்டி கட்டும், காய நாளாகும். வாயில் வைக்கிற பொம்மையை வாரம் ஒருமுறையாவது துவைக்க வேண்டியிருப்பதால் ஃபைபரே சரி. திறப்பின் ஓரங்களை உள்ளே மடித்து, இந்த மடிப்பில் ஒரு குத்து, அந்த மடிப்பில் ஒரு குத்து என்று மாறி மாறி எடுத்து இழுத்தால் தையல் மறைந்துவிடும். அதே வழியில் இன்னொரு முறை திரும்பி வாருங்கள்.

இனி தையலின் இரு பக்கமும் பிடித்து நன்றாக இழுத்துப் பாருங்கள். பொம்மைகளுக்கான தர விதிகளில் தையல் 70 நியூட்டன், அதாவது சுமார் ஏழு கிலோ எடை இழுக்கிற விசையைத் தாங்க வேண்டும். இழுக்கும்போது தையலுக்கு நடுவே பஞ்சு தெரிந்தால் அந்த இடத்தை மறுபடி தையுங்கள். முதல் பிறந்தநாளுக்கு முன் இருக்கிற குழந்தைக்கு இதை விளையாடும்போது மட்டும் கொடுங்கள், தூங்குமிடத்தில் வைக்காதீர்கள்.

மர மீன்

ஆசாரியிடம் 2 செ.மீ. கனத்தில் நன்றாகக் காய்ந்த வேப்பம்பலகைத் துண்டு கேளுங்கள். பழைய கதவு, ஜன்னல் சட்டம் வேண்டாம். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், கரையான் மருந்தும் ஏறியிருக்கலாம். ப்ளைவுட்டும் வேண்டாம், அது பசையில் ஒட்டிய அடுக்கு.

மரத்தின் ரேகை மூக்கிலிருந்து வால் வரை நீளவாக்கில் ஓடும்படி அச்சை வையுங்கள். குறுக்கே ஓடினால் வால் அந்த 3 செ.மீ. இடத்தில் முறியும். வளைவு ரம்பம் பழக்கமில்லை என்றால் அறுப்பை ஆசாரியே செய்து தருவார். இழைப்பதுதான் நம் வேலை, நேரம் அதில்தான் போகும்.

80 நம்பர் உப்புத்தாளில் எல்லா ஓரத்தையும் உருட்டுங்கள், பிறகு 120, பிறகு 220. இதோடு நிறுத்தினால் குழந்தையின் எச்சில் பட்டதும் மரம் சொரசொரப்பாகிவிடும். அதனால் ஈரத்துணியால் மீன் முழுக்கத் துடைத்துக் காயவிடுங்கள். படுத்திருந்த நார்கள் எழுந்து நிற்பது விரலுக்குத் தெரியும். அவற்றை 220-ஆல் மென்மையாகத் தேய்த்து எடுங்கள். இரண்டாம் முறை நனைத்தால் எழுவது மிகக் குறைவு. கடைசியாக ஒரு பஞ்சுத் துண்டை மேலே தடவுங்கள். சிலாம்பு எங்கே இருந்தாலும் பஞ்சு நூல் அங்கே மாட்டி நிற்கும்.

வண்ணத்தைப் பற்றி என் கருத்து: முதல் மீனை வண்ணமில்லாமல் விடுங்கள். மர பொம்மைக்குப் பேர்போன கர்நாடக ஊரான சன்னபட்டணத்தில் வெட்பாலை மரத்தைக் கடைசலில் சுழற்றி, அரக்கைச் சூட்டில் உருக்கி ஏற்றுகிறார்கள். அந்தப் பளபளப்பு கையால் வராது. மஞ்சள் பூசினால் வெயிலில் வெளுக்கும், உணவு வண்ணம் எச்சிலில் இறங்கும். பெயின்ட் வேண்டுமென்றால், பொம்மைகளில் ஈயம் முதலிய தனிமங்கள் வெளியேறுவதைச் சோதிக்கிற இந்தியத் தர விதி ஐஎஸ் 9873 மூன்றாம் பகுதி அல்லது ஐரோப்பியத் தர விதி ஈஎன் 71-3 படி சோதித்தது என்று டப்பாவில் போட்டிருக்கிற நீர்ப் பெயின்டைத் தேடுங்கள். இந்தியாவில் வீட்டுப் பெயின்டுக்கும் 2017 முதல் ஈயத்துக்கு 90 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கில் 90 பங்கு என்ற வரம்பு உண்டு, ஆனால் அது சுவருக்கான பெயின்ட், கடிக்கிற பொருளுக்கு அல்ல. மெல்லியதாக இரண்டு பூச்சு, கண்ணும் முதுகும் மட்டும் போதும். குழந்தை அதிகம் கடிக்கிற வாலையும் மூக்கையும் விட்டுவிடுங்கள். பெயின்ட் முதலில், மெழுகு அப்புறம். எண்ணெய் ஏறிய மரத்தில் பெயின்ட் ஒட்டாது.

மெழுகுக்கு 40 மி.லி. தேங்காய் எண்ணெய், 10 கிராம் தேன்மெழுகு. ஒரு கிண்ணத்தில் போட்டு, அதைச் சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள், நேரடித் தீயில் வேண்டாம். ஆறிக் களிம்பானதும் துணியால் மரத்தில் தேய்த்து, ஓர் இரவு விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். மறுநாள் இன்னொரு முறை. ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் சீக்கிரம் காய உலோக உப்புகள் சேர்த்தது, அதைப் பொம்மைக்குப் பூச வேண்டாம். வார்னிஷும் கடித்தால் செதிலாகப் பெயரும்.

இரண்டு நாள் கழித்து, நனைத்த வெள்ளைத் துணியால் மர மீனை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் பெயின்ட்டை உப்புத்தாளால் முழுக்க எடுத்துவிட்டு வெறும் மெழுகோடு கொடுங்கள். மர மீனைத் தண்ணீரில் ஊறவைக்காமல் ஈரத்துணியால் துடைத்தால் போதும், வெளிறினால் மறுபடி மெழுகு. துணி மீனைத் துவைத்தால் வெயிலில் காயவைத்து, நடுவில் அழுத்திப் பார்த்து, உள்ளே ஈரம் இல்லை என்று தெரிந்த பிறகே குழந்தை கையில் கொடுங்கள்.