காரியம் என்றால் மட்டும் வருபவரிடம் ‘முடியாது’ சொல்லும்போது செய்யும் தவறுகள்

முதலில் ஆளைச் சரியாக அடையாளம் காணுங்கள். அவருடனான சாட்டை மேலே தள்ளி, கடைசி ஆறேழு உரையாடல்களைப் பாருங்கள். யார் ஆரம்பித்தார், எத்தனையாவது வரியில் உதவிக் கோரிக்கை வந்தது, காரியம் முடிந்தபின் ஒரு வார்த்தையாவது வந்ததா? எல்லாமே நான்காவது வரிக்குள் “ஒரு சின்ன ஹெல்ப்” என்று திரும்பியிருந்தால், உங்கள் சந்தேகம் சரிதான். பாதியாவது வெறும் அரட்டையாக இருந்தால், உங்களை உறுத்துவது இந்த ஒரு கோரிக்கை மட்டுமாக இருக்கலாம்.

காரணம் சொல்லி மறுப்பது

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் திரும்பத் திரும்ப இதையே செய்கிறார்கள்.

வெள்ளி இரவு, பழைய அலுவலக நண்பரிடமிருந்து எட்டு மாதத்துக்குப் பிறகு ஒரு மெசேஜ் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நலம் விசாரிப்பு இரண்டு வரி. மூன்றாவது வரியில், திங்கட்கிழமை மீட்டிங்குக்கான நாற்பது ஸ்லைடைத் திருத்தித் தர வேண்டும் என்கிறார்.

“இந்த வாரம் வேலை ஜாஸ்திப்பா.”
“பரவாயில்ல, ஞாயிறு ராத்திரி பாத்தா போதும்.”
“லேப்டாப் வேற மக்கர் பண்ணுது.”
“போன்லயே பாரேன். முதல் பத்து ஸ்லைடு மட்டும்.”

ஞாயிறு நள்ளிரவில் போன் திரையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி எழுத்துப்பிழை பார்ப்பதில்தான் இது முடியும். அவர் கெட்டிக்காரர் என்பதால் அல்ல. காரணம் சொன்ன அந்த நொடியே, ‘செய்வாயா’ என்ற கேள்வி ‘எப்போது, எப்படி’ என்று மாறிவிடுகிறது. நேரமில்லை என்றால் நேரத்தை மாற்றித் தருவார். பெரிய வேலை என்றால் குறைத்துத் தருவார். நீங்கள் ஒரு தடையைச் சொன்னீர்கள், அவர் அதை அகற்றிவிட்டார். அதற்குப் பிறகும் மறுத்தால், சொன்னது சாக்கு என்று தெரிந்துவிடும். அந்தக் கூச்சத்தில்தான் ஒப்புக்கொள்கிறீர்கள்.

நஷ்டம் அந்த ஓர் இரவோடு போவதில்லை. எப்போதாவது மட்டும் தீனி கிடைத்துப் பழகிய புறா, தீனி அடியோடு நின்ற பிறகும் வெகுநேரம் கொத்திக்கொண்டே இருக்கும் என்று உளவியலாளர் ஸ்கின்னரின் சோதனைகள் காட்டின. மூன்று முறை மறுத்து நான்காவது முறை இணங்கினால், நான்கு முறை கேட்க வேண்டும் என்பதைத்தான் அவருக்குக் கற்றுத்தருகிறீர்கள்.

அதே மெசேஜுக்கு இப்படிப் பதில் போகலாம்: “ஸ்லைடு வேலைய என்னால எடுத்துக்க முடியாது. வேற யாரையாவது கேக்க நேரம் இருக்கும்னு இப்பவே சொல்லிட்டேன். மீட்டிங் நல்லா போகட்டும்.” மறுப்பு முதல் வரியிலேயே வந்துவிட்டது. சீக்கிரம் சொன்னதுதான் இதில் உள்ள மரியாதை. ‘சாரி’ கூடத் தேவையில்லை. வேண்டுமானால் ஒன்று, மூன்று வேண்டாம்.

வற்புறுத்தினால் புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். “புரியுது, ஆனா என்னால முடியாது” என்று முன்னைவிடச் சிறியதாகவே எழுதுங்கள். அதற்கு மேலும் வந்தால் பதில் போட வேண்டியதில்லை.

“ஏன்?” என்று நேரடியாகக் கேட்டால், அன்றைய நிலைமையைச் சொல்லாமல் உங்கள் வழக்கத்தைச் சொல்லுங்கள்: “ஆபீஸ் நேரம் போக இந்த மாதிரி வேலை எடுக்கறதில்ல.” அன்றைய நிலைமை நாளை மாறும், வழக்கத்தைத் தள்ளிப்போட முடியாது. ஆனால் அது உண்மையாக இருக்க வேண்டும். அடுத்த மாதம் இன்னொருவருக்குச் செய்து கொடுத்தால், அது எப்படியும் இவர் காதுக்குப் போகும்.

உண்மையிலேயே கொஞ்சம் உதவ மனமிருந்தால், அளவை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்: “சனிக்கிழமை காலை அரை மணி நேரம், முதல் ஐந்து ஸ்லைடு.” அரை மணி முடிந்ததும், முடிந்த வரைக்கும் அனுப்பிவிட்டு நிறுத்துங்கள். ஆறாவது ஸ்லைடைத் தொட்டால் நாற்பதும் உங்கள் தலையில்தான்.

“பார்க்கிறேன்” என்பது

கேட்பவர் காதில் அது ‘சரி’.

உதவி கேட்ட நேரத்தில் பழைய கணக்கைத் திறப்பது

“வேலை இருந்தாத்தான் என் ஞாபகம் வருமா?” என்று கேட்டால், பேச்சு உதவியை விட்டுவிட்டு உங்கள் மனக்குறைக்குப் போய்விடும். அவர் மன்னிப்புக் கேட்பார், நீங்கள் இளகுவீர்கள், ஸ்லைடு வந்து சேரும். கேட்கத்தான் வேண்டுமென்றால், எந்தக் கோரிக்கையும் இல்லாத ஒரு நாளில் கேளுங்கள்.

அடுத்த ‘ஹாய்’க்கு முறைப்பது

இரண்டு மறுப்புக்குப் பின் சிலர் வருவதே இல்லை. சிலர் ஒன்றும் கேட்காமல் சும்மா வருவார்கள். அப்போது “என்ன வேணும்?” என்று ஆரம்பிக்காதீர்கள். நலம் கேட்டால் நலம் சொல்லுங்கள். கோரிக்கை வந்தால் அதே பழைய பதில், அதே நீளத்தில்.