வட்டக் கணக்கின் போட்டோ: படத்தைத் தப்பாகப் படிக்கும் இடங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ பதினோராம் கிரேடு படிக்கும் பிள்ளை, வட்டக் கணக்கில் மாட்டிக்கொண்டால் புத்தகத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அண்ணாவுக்கோ மாமாவுக்கோ அனுப்பிவிடும். அந்த அண்ணா 2008-க்கும் 2013-க்கும் இடையில் பன்னிரண்டாம் கிரேடு இறுதித் தேர்வான மெட்ரிக் எழுதியவர் என்றால், வட்டத் தேற்றங்கள் அப்போது விருப்பப் பாடமான மூன்றாம் தாளில் இருந்தன, தொடாமலே தேறியிருக்கலாம். 2014-லிருந்துதான் அவை எல்லோரும் எழுதும் இரண்டாம் தாளுக்கு வந்தன. மாமா தமிழ்நாட்டில் படித்துவிட்டு வந்தவர் என்றால் தேற்றமெல்லாம் தெரியும், ஆனால் தென்னாப்பிரிக்கப் புத்தகம் கோணத்துக்குப் பெயர் வைக்கும் முறை புதிதாக இருக்கும். இருவருமே பெரும்பாலும் சறுக்குவது படத்தைப் படிப்பதில்தான்.

ஒரு கணக்கை வைத்துப் பார்ப்போம். O வட்டத்தின் மையம். A, B, C, D நான்கும் வட்டத்தின் மேல் உள்ள புள்ளிகள். A உச்சியில், B இடப்பக்கம் கீழே, C அடியில், D வலப்பக்கம் கீழே. OB, OD இணைக்கப்பட்டுள்ளன. மையம் நாற்கரத்துக்கு உள்ளே இருக்கிறது. Ô₁ = 112°, B̂₁ = 24°, BC = CD. Â, Ĉ, D̂₁, B̂₂ ஆகியவற்றைக் காண வேண்டும்.

முதல் தவறு அந்தச் சின்ன எண்களில். தமிழ்நாட்டுப் புத்தகம் ∠ABO என்று மூன்றெழுத்தில் எழுதிவிடும், குழப்பமே இல்லை. இங்கே B என்ற முனையில் OB கோடு கோணத்தை இரண்டாகப் பிரித்தால், ஒவ்வொரு துண்டுக்குள்ளும் 1, 2 என்று பொடி எழுத்தில் எண் போட்டு B̂₁, B̂₂ என்பார்கள். எது 1, எது 2 என்பதற்கு வலம், இடம் என்று நிலையான விதி எதுவும் இல்லை. அச்சிட்ட எண்ணைப் பார்த்தால்தான் தெரியும். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும்போது முதலில் கெடுவது அந்த எண்தான். 1 ஒரு புள்ளியாகிவிடும், அல்லது கோட்டோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் படத்தை டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், அப்போது சுருங்காது. வந்ததும் கணக்கில் கை வைக்கும் முன் ஒவ்வொரு எண்ணையும் மூன்றெழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நம் கணக்கில் B̂₁ என்பது ABO, B̂₂ என்பது OBC, D̂₁ என்பது ADO, D̂₂ என்பது ODC. Ô₁ என்பது C பக்கம் திறந்திருக்கும் BOD.

எண் மாறிப்போனால் கணக்கே காட்டிக்கொடுக்கும். 24° என்பதை OBC என்று எடுத்துக்கொண்டதாக வைப்போம். OB, OC இரண்டும் ஆரங்கள், ஆகவே OCB-யும் 24°. அப்படியானால் BOC = 180° − 48° = 132°. ஆனால் BOC என்பது BOD-யின் ஒரு பகுதி, BOD-யே 112°தான். பகுதி முழுமையைவிடப் பெரிதாக இருக்க முடியாது. இப்படி இடிக்கும்போது தேற்றத்தைச் சந்தேகப்படாமல் படத்துக்குத் திரும்பி எண்ணைப் பாருங்கள்.

இரண்டாவது தவறு, நாலு மூலை கண்ணில் பட்டதும் வட்ட நாற்கரம் என்று எண்ணிவிடுவது. OBCD-யில் எதிர்க்கோணங்களைக் கூட்டி Ĉ = 180° − 112° = 68° என்று எழுதிவிடுவார்கள். போட்டோவில் B, C, D வட்டத்தின் மேல் பளிச்சென்று தெரியும், O-வைப் பற்றி யோசனையே போகாது. O மையம், பரிதியில் இல்லை. எனவே அந்த விதி OBCD-க்குச் செல்லாது. நான்கு முனைகளையும் விரலால் தொட்டு, ஒவ்வொன்றும் வட்டக் கோட்டில் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஐந்து நொடி போதும்.

இதற்கு நெருங்கிய இன்னொரு சறுக்கல், மையக்கோணத்தின் பாதியைத் தப்பான முனையில் போடுவது. 112°-க்கு எதிரே இருப்பது B-யிலிருந்து C வழியாக D வரை போகும் வில். அந்த வில்லைப் பரிதியின் மறுபக்கத்திலிருந்து பார்ப்பது A. ஆகவே Â = 56°. ABCD-தான் உண்மையான வட்ட நாற்கரம், அதனால் Ĉ = 180° − 56° = 124°. C சிறிய வில்லின் மேல் இருக்கிறது, அங்கே விரிகோணம்தான் வரும்; Ĉ-க்கு 56 அல்லது 68 வந்தால் அப்போதே நிறுத்திவிடலாம்.

மீதி எளிது. ABOD-யில் O-விடம் உள்ள உட்கோணம் 360° − 112° = 248°. நான்கையும் கூட்டினால் 360°, ஆகவே D̂₁ = 360° − 248° − 56° − 24° = 32°. BC = CD என்பதால் மையத்தில் இரண்டும் சம கோணம் தாங்கும், BOC = 56°, அதனால் B̂₂ = (180° − 56°) ÷ 2 = 62°. D̂₂-வும் 62°. சரிபார்க்க: B-யில் 86°, D-யில் 94°, கூட்டினால் 180°.

மூன்றாவது தவறு அளப்பது. வழி தெரியாதபோது சிலர் திரையில் பாகைமானியை வைத்துப் பார்க்கிறார்கள். படங்கள் அளவுப்படி வரையப்பட்டிருக்க வேண்டியதில்லை என்று வினாத்தாளின் தொடக்கத்தில் உள்ள அறிவுறுத்தல்களே சொல்கின்றன. சரியாக வரைந்த படமாகவே இருந்தாலும் போன் சாய்ந்தால் கெட்டுவிடும். புத்தகத்தின் அடிப்பக்கத்திலிருந்து 30° சாய்த்து எடுத்தால் படத்தின் உயரம் ஏறத்தாழ 13 சதவீதம் குறுகும். கீழ்நோக்கித் திறந்த நம் 112° திரையில் ஏறக்குறைய 119° என்று காட்டும். பக்கவாட்டில் சாய்த்தால் அதே கோணம் 104° அளவுக்குச் சுருங்கும். சாய்வை வட்டத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம்: அகலத்தையும் உயரத்தையும் ஒரு ஸ்கேலால் பாருங்கள், சமமாக இல்லையென்றால் போன் சாய்ந்திருந்தது. தைப்புக்குப் பக்கத்தில் தாள் வளைவதால் நேர்கோடும் வளைந்து தெரியும். BOD ஒரே கோடா, உடைந்த கோடா என்ற சந்தேகம் பெரும்பாலும் அங்கேதான் வரும். விட்டம் என்று எழுத்தில் இருந்தால் மட்டுமே விட்டம். தொடுகோடும் அப்படியே: ஒரு கோடு வட்டத்தைத் தொட்டாற்போல் தெரிவது போதாது.

கடைசியாகக் காணாமல் போவது சமநீளக் குறி. BC, CD மேல் போட்ட குறுக்குக் கோடு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, நிழல் விழுந்தால் போயிற்று. மேலே உள்ள கணக்கில் Â, Ĉ, D̂₁ மூன்றும் அந்தக் குறி இல்லாமலே வந்துவிட்டன என்பதைக் கவனியுங்கள். B̂₂-வுக்கு வந்ததும்தான் முட்டும். ஒரு கேள்வியின் 8.1, 8.2 பிரிவுகள் சுலபமாக வந்து 8.3-இல் எந்த வழியும் திறக்கவில்லையென்றால், ஒரு தகவல் போட்டோவில் விழவில்லை என்று சந்தேகப்படுங்கள். முந்தைய பக்கத்தின் அடியில் இருந்த கேள்வியின் முதல் வரி வெட்டுப்பட்டிருக்கலாம். படத்தை மட்டும் பெரிதாக எடுத்து அனுப்பும் பிள்ளைகளிடம், எழுத்தையும் சேர்த்துத் தனியாக இன்னொரு போட்டோ கேளுங்கள்.

வந்ததும் ஒரு தாளில் 6 செ.மீ. ஆரத்தில் காம்பஸால் வட்டம் போட்டு, எழுத்தில் உள்ளதை மட்டும் வைத்து வரைந்துகொள்வது நல்லது. பிறகு போட்டோவைப் பார்த்து எண்களையும் குறிகளையும் ஏற்றலாம். விடை எழுதும்போது மட்டும் மறுபடி பிள்ளையின் புத்தக முறைக்கே திரும்ப வேண்டும்: இடப்பக்கம் B̂₂ = 62°, வலப்பக்கம் காரணம். சரியான விடைக்குப் பக்கத்தில் காரணம் இல்லாவிட்டால் காரணத்துக்கான மதிப்பெண் கிடைக்காது.