15 சதவீதம் போட்டுவிட்டால் இடர் தீர்ந்ததா?

பினாங்கில் சமையல் தொழில் நடத்தும் அண்ணன் ஒருவர் கணக்குத் தாளோடு வந்தார். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் கேன்டீனை நான்கு ஆண்டுக்கு எடுக்க வாய்ப்பு. அடுப்பு, புகைக்கூண்டு, குளிர் அறை எல்லாம் சேர்த்து 100,000 வெள்ளி முதலீடு. ஆண்டுக்குச் சராசரியாக 34,000 வெள்ளி கையில் நிற்கும் என்று எதிர்பார்ப்பு. தொழில் ஆபத்தானது என்பதால், வருங்கால வரவை இன்றைய மதிப்புக்குக் குறைக்க 15 சதவீதத் தள்ளுபடி வீதம் போட்டிருந்தார். வரவின் இன்றைய மதிப்பு 97,069 வெள்ளி. முதலீட்டைவிடக் குறைவு, அதனால் வேண்டாம் என்று முடிவு.

கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. ஆனால் இடர் எப்போது வருகிறது என்று அந்தத் தாள் கேட்கவே இல்லை. இடர் இல்லாத வட்டி 4 சதவீதம் என்று வைப்போம். 1.04-ஐ 1.15-ஆல் வகுத்தால் 0.904. அதாவது முதல் ஆண்டின் ஒவ்வொரு வெள்ளியும் உறுதியான 90 காசுக்குச் சமம் என்று அவர் தெரியாமலே சொல்லிவிட்டார். இரண்டாம் ஆண்டில் அது 82 காசு, மூன்றில் 74, நான்கில் 67. ஒரே வீதத்தை எல்லா ஆண்டுக்கும் போட்டால், இடர் ஆண்டுக்கு ஆண்டு ஒரே வேகத்தில் பெருகுகிறது என்று பொருள். 1966-இலேயே நிதியியல் ஆய்வாளர்கள் ரோபிச்செக்கும் மையர்ஸும் இதைச் சுட்டிக்காட்டினார்கள்.

இங்கே நிலைமை வேறு. எத்தனை பேர் சாப்பிட வருவார்கள் என்பது முதல் ஆண்டில்தான் தெரியாது. அந்த ஆண்டின் சராசரித் தட்டுகளையே மீதி மூன்று ஆண்டுக்கும் நிர்ணயித்துவிடுவார்கள். பிறகு புதிதாக இடர் அதிகம் சேர்வதில்லை. இப்படிப்பட்ட இடத்தில்தான் நிச்சய சமான முறை உதவும். இடருள்ள வரவுக்குப் பதில் எவ்வளவு உறுதியான தொகை போதும் என்று கேட்டு, வட்டியைத் தொடாமல் வரவை அந்த அளவுக்குக் குறைக்க வேண்டும்.

“அண்ணே, இந்த 34,000-க்குப் பதிலா உறுதியா எவ்வளவு கொடுத்தா வாங்கிக்குவீங்க?” என்று கேட்டேன். யோசித்து 28,900 என்றார். அது 0.85. நான்கு ஆண்டுக்கும் அதே 28,900-ஐ 4 சதவீதத்தில் தள்ளினால் 104,904 வெள்ளி வருகிறது. முடிவே மாறுகிறது.

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். குறைத்த 28,900-ஐ எடுத்து, பழக்கதோஷத்தில் மறுபடி 15 சதவீதத்திலேயே தள்ளுவார்கள். 82,509 வரும். ஒரே இடருக்கு இரண்டு முறை தண்டனை. மேலே வரவைக் குறைத்திருந்தால் கீழே இடர் இல்லாத வட்டி மட்டுமே இருக்க வேண்டும். தாளைச் சரிபார்க்க இது ஒன்றே போதும். அந்த வட்டிக்கு ஈபிஎஃப் ஈவுத்தொகையை எடுப்பதும் சரியல்ல. அது ஆண்டுக்கு ஆண்டு மாறும்; வழக்கமான சேமிப்பில் உறுதி சொல்லப்பட்டது 2.5 சதவீதம்தான். நான்கு ஆண்டுத் திட்டம் என்றால் ஏறக்குறைய அதே காலத்துக்கான மலேசிய அரசாங்கப் பத்திரத்தின் வட்டியைப் பாருங்கள்.

அப்புறம், செலவு. குத்தகை முடிந்ததும் புகைக்கூண்டைக் கழற்றி இடத்தைப் பழையபடி ஒப்படைக்க 4,000 வெள்ளி ஆகலாம். கூடவும் செய்யலாம். இதையும் 15 சதவீதத்தில் தள்ளினால் 2,287 வெள்ளியாகச் சுருங்கிவிடும். எவ்வளவு ஆபத்தான செலவோ அவ்வளவு மலிவாகத் தெரியும், இது தலைகீழ். எவ்வளவு ஏறும் என்று தெரியாத செலவுக்குச் சமானமான உறுதித் தொகை கூடுதலாகத்தான் இருக்க வேண்டும். 4,400 என்று வைத்து 4 சதவீதத்தில் தள்ளினால் 3,761 வெள்ளி. 104,904-இலிருந்து முதலீட்டையும் இதையும் கழித்தால் 1,143 வெள்ளி மிச்சம்.

இந்த மிச்சத்தைப் பார்த்து உடனே கையெழுத்துப் போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 0.85 சந்தையில் கிடைத்த எண் அல்ல, அண்ணனின் வாயிலிருந்து வந்தது. நிச்சய சமான முறையின் பலவீனம் இதுதான். அதனால் எந்த எண்ணில் லாபம் பூஜ்ஜியமாகும் என்று போட்டுப் பார்த்தேன்: ஏறக்குறைய 0.84, அதாவது ஆண்டுக்கு 28,600 வெள்ளி. வெறும் 300 வெள்ளிதான் இடைவெளி.

வீட்டில் கணக்கு எழுதும் அண்ணியிடம் அதே கேள்வியைத் தனியாகக் கேட்கச் சொன்னேன். “28,000 உறுதின்னா நான் வாங்கிக்குவேன்” என்றாராம். அந்த எண்ணுக்கு 2,124 வெள்ளி நட்டம்.

இருவரும் பேசிவிட்டு, வீதத்தை விட்டுவிட்டு ஒப்பந்தத்தைக் கையில் எடுத்தார்கள். இடர் முதல் ஆண்டில்தான் இருக்கிறது என்று தெரிந்துவிட்டதால், அந்த ஒரு ஆண்டுக்கு மட்டும் குறைந்தபட்சத் தட்டு எண்ணிக்கை கேட்டுத் தொழிற்சாலைக்கு எழுதியிருக்கிறார்கள்.